ஒத்திவைத்த அஞ்சலுக்கு ஒரு நாள் குறியுங்கள்

கேள்வி: ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். நாளொன்றுக்கு 110 மின்னஞ்சல்களுக்குக் குறையாமல் வருகின்றன. காலையில் பெட்டியைத் திறக்கும்போதே 60 காத்திருக்கும். நீக்கு, ஒப்படை, ஒத்திவை, செய் என்ற நான்கு வழி முறையைச் சில மாதங்களாகப் பின்பற்றுகிறேன். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. இப்போது ‘பிறகு பார்க்க’ என்ற கோப்புறையில் 340 அஞ்சல்கள் கிடக்கின்றன. அதைத் திறக்கவே பயமாக இருக்கிறது. சென்ற வாரம் சக ஊழியருக்கு அனுப்பிவிட்ட ஒரு வாடிக்கையாளர் கடிதத்துக்கு யாருமே பதில் போடவில்லை. பழி என்மேல் விழுந்தது. எங்கே தவறுகிறேன்? இன்னொன்றும் கேட்க வேண்டும்: மேலதிகாரியிடமிருந்து வரும் அஞ்சலை இந்த நான்கில் எதில் சேர்ப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முறையில் பழுதில்லை. நான்கு வழிகளில் இரண்டை நீங்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறீர்கள். ஒத்திவைத்த அஞ்சலுக்குத் திரும்பி வரும் நாள் குறிக்கப்படவில்லை. ஒப்படைத்த அஞ்சலுக்கு உங்களிடம் சுவடு இல்லை. நிறுவனத் தலைவர்களின் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் செயலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான்; இப்போது அந்த வேலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த முறையைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இதே இரண்டு இடங்களில்தான் சறுக்கியிருக்கிறார்கள். ஆகவே நீக்குவதையும் செய்வதையும் பற்றித் தேவையான அளவு சொல்லிவிட்டு, மற்ற இரண்டைப் பற்றி விரிவாகப் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அஞ்சல்களை வகைபிரிப்பது ஒரு வேலை. அவற்றுக்குப் பதில் எழுதுவது வேறொரு வேலை. மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் நிற்கும் செவிலியர், வந்த முதல் நோயாளியின் காயத்துக்குத் தையல் போட உட்கார்ந்துவிடுவதில்லை. அப்படி உட்கார்ந்தால் வரிசையில் பத்தாவதாக நிற்பவருக்கு மாரடைப்பா, சாதாரணக் காய்ச்சலா என்று யாருக்கும் தெரியாது. காலையில் 60 அஞ்சல்கள் இருக்கும்போது மூன்றாவது அஞ்சலுக்கு இருபது நிமிடம் செலவழித்துப் பதில் எழுதுகிறீர்கள் என்றால், மீதி 57 அஞ்சல்களில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே எழுதுகிறீர்கள். அதற்கான விடை முப்பதாவது அஞ்சலில் ஏற்கெனவே வந்திருக்கலாம். குழுவாக நடக்கும் கடிதப் போக்குவரத்தில் இது அடிக்கடி நடக்கிறது: இரவு கேட்ட கேள்விக்குக் காலையில் வேறொருவர் பதில் சொல்லியிருப்பார், நீங்கள் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு நீளமாக எழுதியிருப்பீர்கள். அதனால் ஒரே தொடரில் வந்த அஞ்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து தெரியும்படி அமைத்துக்கொண்டு, தொடரின் கடைசி அஞ்சலை முதலில் படியுங்கள்.

வகைபிரிக்க நாளுக்கு மூன்று வேளை போதும்: காலையில் 35 முதல் 40 நிமிடம், மதியத்துக்குப் பின் இருபது நிமிடம், கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் புதிய அஞ்சல் வந்ததாகச் சொல்லும் ஒலியையும் திரைக் குறிப்பையும் அணைத்துவிடுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் கலந்துகொண்ட 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் அஞ்சல் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் விருப்பம்போல் பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இருந்த வாரத்தில் அவர்களுக்கு மன அழுத்தம் குறைவாக இருந்தது. அவசரச் செய்தி தவறிவிடுமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வேண்டிய எதையும் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று குழுவுக்கும் முக்கிய வாடிக்கையாளர்களுக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் மூன்று வேளை முறைக்கு மாறினால் முறை நிலைக்காது; முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்து கோபப்படுவார்.

இனி நீக்குவது. அஞ்சலைத் திறக்காமல், அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை வாருங்கள். விளம்பரம், தானியங்கி அறிவிப்பு, முடிந்துபோன கூட்டத்தின் நினைவூட்டல், ‘நன்றி’ என்ற ஒற்றை வார்த்தைப் பதில் ஆகியவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். மீதியைத் திறந்து பார்க்கும்போது ஒரே கேள்வி போதும்: இதற்கு நான் எதுவுமே செய்யாவிட்டால் யாராவது என்னைத் தேடி வருவார்களா? வரமாட்டார்கள் என்றால் அது பெட்டியில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீக்குவதற்கும் காப்பகத்தில் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக் கூடாது. பணம், ஒப்பந்தம், ஒப்புதல், ஊழியர் விவகாரம் ஆகிய நான்கில் எதைத் தொட்டாலும் அந்த அஞ்சல் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். ஜிமெயிலில் நீக்கிய அஞ்சல் 30 நாள் குப்பைத் தொட்டியில் இருந்துவிட்டு நிரந்தரமாக அழிந்துவிடும். தகராறு வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனத்தில் விதி இருந்தால் அதுவே இறுதி.

காப்பகத்துக்குள் பொருள்வாரியாக நாற்பது கோப்புறைகள் அமைத்து அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த உழைப்பு வீண். ஐபிஎம் ஆய்வாளர்கள் 2011-இல் 345 பேர் பழைய அஞ்சல்களைத் தேடியெடுக்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். கோப்புறைகளில் அடுக்கி வைத்தவர்கள் அதனால் எளிதில் கண்டுபிடித்துவிடவில்லை. தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியவர்களே விரைவாக எடுத்தார்கள். ஒரே காப்பகம் போதும்.

அடுத்தது செய்வது. இரண்டு நிமிடத்துக்குள் முடிவதை உடனே செய் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதில் நான் ஒரு திருத்தம் சொல்வேன்: வகைபிரிக்கும்போதே செய்யாதீர்கள், கடைசி அஞ்சல் வரை போய்விட்டு வந்து செய்யுங்கள். உடனே செய்ய வேண்டியவற்றை மட்டும் பெட்டியில் விட்டுவையுங்கள். நீக்க வேண்டியவை போய், ஒப்படைத்தவை போய், ஒத்திவைத்தவை போய், எஞ்சி நிற்பவை எல்லாம் இவையாகத்தான் இருக்கும். அவற்றை ஒரே மூச்சில் முடிக்கலாம். இரண்டு நிமிடம் என்பதில் இணைப்புக் கோப்பைத் தேடும் நேரமும் சேர்த்திதான் என்பதை நினைவில் வையுங்கள். பதில் ஒரு வரிதான், ஆனால் அதோடு அனுப்ப வேண்டிய அறிக்கை எந்தக் கணினியில் இருக்கிறது என்று தெரியாது என்றால் அது இரண்டு நிமிட வேலை இல்லை. அதை ஒத்திவைக்க வேண்டும்.

இப்போது உங்களைச் சிக்கலில் மாட்டிய ஒப்படைப்புக்கு வருகிறேன். ஒரு வாடிக்கையாளர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “சென்ற மாத பில்லில் போக்குவரத்துக் கட்டணம் இரண்டு முறை சேர்ந்திருக்கிறது; திருத்தி அனுப்புங்கள். அடுத்த கட்ட வேலைக்கான கால அட்டவணையையும் வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறோம்.”

இதைக் கணக்குப் பிரிவில் இருக்கும் சக ஊழியருக்கு அனுப்பி, மேலே ‘கீழே உள்ளதைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதினால் என்ன ஆகும்? அவர் பார்ப்பார். பில்லைச் சரிபார்க்கச் சொல்கிறார்களா, தகவலுக்காக அனுப்பியிருக்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. வாடிக்கையாளருக்குத் தானே எழுதலாமா, உங்களிடம் சொல்லி நீங்கள் எழுதுவீர்களா என்றும் தெரியாது. நீங்கள் அவர் எழுதிவிட்டார் என்று நினைப்பீர்கள். அவர் நீங்கள் எழுதுவீர்கள் என்று நினைப்பார். உங்கள் சென்ற வாரக் கடிதமும் அநேகமாக இப்படித்தான் இடையில் விழுந்திருக்கும். இதில் அந்த ஊழியரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

அதே அஞ்சலை இப்படி எழுதி அனுப்பிப் பாருங்கள்:

“போக்குவரத்துக் கட்டணம் இருமுறை சேர்ந்துவிட்டதாக வாடிக்கையாளர் சொல்கிறார். சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்திய பில்லைப் புதன்கிழமை மாலை 4 மணிக்குள் அவருக்கே அனுப்பிவிடுங்கள். எனக்கு நகல் போதும். பில் சரியாகத்தான் இருக்கிறது என்றால், அவருக்கு எழுதுவதற்கு முன் என்னிடம் பேசுங்கள்.”

என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், பதில் யாருக்குப் போக வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. அவர் தானாக முடிவெடுக்கலாம் என்ற எல்லையும் எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையும்கூடத் தெரிகின்றன. எழுத ஒன்றரை நிமிடம் ஆகும். ‘பார்க்கவும்’ என்று எழுத ஐந்து நொடிதான். ஆனால் அந்த ஐந்து நொடியின் செலவைச் சென்ற வாரம் கட்டிவிட்டீர்கள்.

அதோடு முடியவில்லை. கடிதம் எழுதியவருக்கும் ஒரு வரி போக வேண்டும்: “பில்லைக் கணக்குப் பிரிவு சரிபார்க்கிறது, புதன் மாலைக்குள் உங்களுக்குப் பதில் வரும். கால அட்டவணையை வெள்ளி பகல் 12 மணிக்குள் நான் அனுப்புகிறேன்.” யாரிடமிருந்து எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிட்டால் அவர் இடையில் இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பமாட்டார். உங்களுக்கு வரும் 110-இல் ஒரு பகுதி, நீங்கள் பதில் சொல்லாததால் வருகிற நினைவூட்டல்கள்தான்; இந்த ஒரு வரி அவற்றைக் குறைக்கும்.

மூன்றாவது வேலைதான் சுவடு. ‘காத்திருப்பு’ என்று ஒரே ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எதை ஒப்படைத்தாலும், நீங்கள் அனுப்பிய அந்த அஞ்சலின் நகல் அதற்குள் போக வேண்டும். உங்களுக்கே மறைநகல் போட்டுக்கொண்டு அதைக் கோப்புறைக்கு நகர்த்துவது எளிய வழி. ஒவ்வொரு நாளும் கிளம்புவதற்கு முன் உள்ள கால் மணியில் முதல் மூன்று நிமிடத்தை இந்தக் கோப்புறைக்கு ஒதுக்குங்கள். வேலை முடிந்தவற்றைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். நாள் கடந்தவற்றுக்கு ஒரு வரிக் கேள்வி அனுப்புங்கள். நாள் வராதவற்றை அப்படியே விடுங்கள். கெடு வந்த அன்றே நீங்கள் கேட்பீர்கள் என்று குழுவுக்கு இரண்டே வாரத்தில் புரிந்துவிடும். அதன்பின் கேட்க வேண்டிய தேவையே குறையும்.

எதை ஒப்படைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊழியரின் சம்பளம், விடுப்பு, உடல்நலம் பற்றிய அஞ்சலை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒருவரைப் பற்றிய புகாரை அவருக்கே அனுப்பி ‘பதில் எழுதுங்கள்’ என்று சொல்லாதீர்கள். நீளமான தொடரை அனுப்பும்போது அடியில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஒருமுறை கீழே போய்ப் பாருங்கள். மேல்மட்டத்தில் பேசிய விலை விவரம் அடிப்பகுதியில் இருந்து வெளியே கசிவது இப்படித்தான்.

இனி ஒத்திவைப்பு. அந்த 340 எப்படிச் சேர்ந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். 60 அஞ்சல்களில் 30 நீக்கவோ காப்பகத்தில் போடவோ வேண்டியவை, ஐந்து நிமிடம். 7 ஒப்படைக்க வேண்டியவை. மேலே சொன்னதுபோல் எழுதினால் பத்து நிமிடம். 9 ஒத்திவைக்க வேண்டியவை. நாள் குறிக்க ஆறு நிமிடம். மீதி 14 உடனே செய்ய வேண்டியவை. சில அரை நிமிடத்திலும் சில இரண்டு நிமிடத்திலும் முடிய, மொத்தம் பதினான்கு நிமிடம். ஆக, 35 நிமிடத்தில் பெட்டி காலி.

ஆனால் ஒத்திவைத்த அந்த 9 என்ன ஆயின? ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் தேவை, இரண்டுக்கு அரை மணி வீதம், மூன்றுக்கு இருபது நிமிடம் வீதம், மூன்றுக்குக் கால் மணி வீதம் என்று வைத்தால் மூன்றரை மணி நேர வேலை. கூட்டங்கள் போக உங்கள் கையில் இருப்பது இரண்டு மணி நேரம் என்றால், அன்றே ஒன்றரை மணி நேர வேலை மிஞ்சுகிறது. வாரத்தில் ஐந்து நாளும் இப்படியே போனால் ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு வேலை நாள், கோப்புறையில் போய் விழுகிறது. நீங்கள் எவ்வளவு வேகமாக வகைபிரித்தாலும் இது தீராது. கோப்புறைக்கு அடி தெரியாததால் கணக்கு உங்கள் கண்ணில் படவில்லை. காலண்டரில் எழுதியிருந்தால் முதல் வாரத்திலேயே இடமில்லை என்று தெரிந்திருக்கும்.

அதனால்தான் ஒத்திவைக்கும் அஞ்சல் ஒவ்வொன்றும் காலண்டரில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறேன். நாள், மணி, எத்தனை நிமிடம், அப்போது நான் செய்யப்போகும் முதல் காரியம் என்ன என்ற நான்கும் எழுதப்பட வேண்டும். மேலே பார்த்த வாடிக்கையாளர் கடிதத்திலேயே ஒத்திவைக்க வேண்டிய பாதி ஒன்று இருக்கிறது: கால அட்டவணை. வெள்ளி பகலுக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். அதைச் செய்ய முக்கால் மணி ஆகும். வெள்ளிக் காலையில் வைத்தால், அன்று எதிர்பாராத கூட்டம் வந்தால் வாக்குத் தவறும். ஆகவே வியாழன் 10 மணி முதல் 10.45 வரை என்று குறிக்கிறோம். குறிப்பில் ‘கால அட்டவணை’ என்று மட்டும் எழுதினால் வியாழன் காலை அதைத் திறக்கும்போது எங்கே தொடங்குவது என்று மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். ‘குழு தந்த தேதிகளைப் பழைய அட்டவணையில் நிரப்பி வாடிக்கையாளருக்கு அனுப்பு’ என்று எழுதுகிறோம். எழுதும்போதே ஒன்று தெரியவருகிறது: குழுவின் தேதிகள் நம்மிடம் இல்லை. ஆகவே இன்றே, புதன் மாலைக்குள் தேதிகள் வேண்டும் என்று குழுவுக்கு ஓர் அஞ்சல் போகிறது. அதன் நகல் ‘காத்திருப்பு’க்குப் போகிறது. முதல் காரியத்தை எழுதாமல் ஒத்திவைத்திருந்தால் இந்த விடுபாடு வியாழன் காலைதான் தெரிந்திருக்கும். அப்போது வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வழியிருக்காது.

இந்த ஒரே கடிதம் மூன்று வழிகளிலும் பிரிந்து போனதைக் கவனித்தீர்களா? பில் ஒப்படைக்கப்பட்டது, அட்டவணை ஒத்திவைக்கப்பட்டது, வாடிக்கையாளருக்கான ஒரு வரி உடனே செய்யப்பட்டது. ஓர் அஞ்சலுக்கு ஒரு முடிவு என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பார்கள். திகைத்தது ‘பிறகு’ கோப்புறைக்குப் போய்விடும்.

பெரும்பாலான அஞ்சல் செயலிகளில் ஓர் அஞ்சலை மறைத்து வைத்துக் குறித்த நேரத்தில் மீண்டும் மேலே கொண்டுவரும் வசதி இருக்கிறது. திரையில் `Snooze` என்று இருக்கும். அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தாதீர்கள். இன்று செய்ய எதுவுமில்லை, ஒரு குறிப்பிட்ட நாளில்தான் தேவைப்படும் என்ற அஞ்சலுக்கு அது பொருத்தம்: அடுத்த வாரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், பயணச் சீட்டு, நுழைவு எண் போன்றவை. உங்கள் உழைப்பு தேவைப்படும் அஞ்சலை அப்படித் தள்ளினால், அது வந்து நிற்கும் நேரத்தில் உங்களுக்கு வேறு கூட்டம் இருக்கும், மறுபடி தள்ளுவீர்கள்.

ஓர் அஞ்சலை இரண்டு முறை ஒத்திவைத்துவிட்டீர்கள் என்றால் மூன்றாவது முறைக்கு இடம் கொடுக்கக் கூடாது. அங்கே நேரப் பற்றாக்குறையைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது. சில சமயம் வேலை பெரிதாக இருக்கும். அதன் முதல் துண்டை மட்டும் வெட்டியெடுத்து நாள் குறிக்க வேண்டும். சில சமயம் என்ன கேட்கிறார்கள் என்றே புரிந்திருக்காது. ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் தீர்ந்துவிடும். சில சமயம் மறுத்துச் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால், “இந்த மாதம் என்னால் இயலாது, மாதக் கடைசிக்குப் பிறகு என்றால் செய்யலாம், அல்லது வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்” என்று இன்றே எழுதிவிடுங்கள். மூன்று வாரம் மௌனமாக இருந்துவிட்டு அதே வரியை எழுதுவதைவிட இது கேட்பவருக்குச் செய்யும் பெரிய உதவி. மிஞ்சும் அந்த ஒன்றரை மணி நேரமும் இந்த வழிகளில்தான் குறைய வேண்டும். இரவில் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பது வழியாகாது.

சேர்ந்துவிட்ட 340-ஐ என்ன செய்வது? ஒவ்வொன்றாகத் திறந்து வகைபிரிக்க உட்காராதீர்கள், பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். முதலில் அனுப்பியவர் பெயர் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். மேலதிகாரி, வாடிக்கையாளர்கள், உங்கள் குழுவினர் ஆகியோரின் அஞ்சல்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் கடைசி நான்கு வாரத்தில் வந்தவற்றை மேலே சொன்ன முறையில் பிரியுங்கள். நான்கு வாரத்துக்கு முந்தையவற்றில் வாடிக்கையாளர் எழுதியவை இருந்தால், “இது இன்னும் நிலுவையில் இருக்கிறதா?” என்று ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலும் வேறு வழியில் முடிந்துபோயிருக்கும். மீதி அனைத்தையும் மொத்தமாகக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். தேடினால் கிடைக்கும், எதுவும் அழியப்போவதில்லை. பெட்டியிலேயே பழையவை தேங்கியிருந்தால், ஜிமெயிலில் தேடல் பெட்டியில் இதைத் தட்டுங்கள். 30 நாளுக்கு முந்தையவை மட்டும் வரும்:

```
in:inbox older_than:30d
```

பின்பு ‘பிறகு பார்க்க’ என்ற கோப்புறையையே அழித்துவிடுங்கள். இருந்தால் கை அதைத் தேடிப் போகும்.

முறை மறுபடி வழுவுகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ‘காத்திருப்பு’ கோப்புறையில் கெடு கடந்து ஒரு வாரமாகியும் நீங்கள் கேள்வி கேட்காத அஞ்சல் இருந்தால், மாலைக் கால் மணியை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று பொருள். காலண்டரில் ஒத்திவைத்த வேலைகள் அந்தந்த நேரத்தில் நடக்காமல் அடுத்த நாளுக்கு நகர்ந்துகொண்டே போனால், நேரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்; அரை மணி என்று நினைப்பதற்கு முக்கால் மணி ஒதுக்குங்கள். காலண்டரை முழுவதும் நிரப்பவும் வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரமாவது வெற்றிடம் இருக்கட்டும், ஏனென்றால் மதிய வேளையிலும் அஞ்சல் வரும், அதிலும் சில அன்றே முடிய வேண்டியவையாக இருக்கும்.

மேலதிகாரியின் அஞ்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனி வகை வேண்டாம், அவை முதலில் கண்ணில் படும்படி அமைத்துக்கொண்டால் போதும். அவர் பெயரில் வருபவற்றுக்கு நிறம் கொடுக்கும் விதியைச் செயலியில் அமைத்துவிட்டு, ஒவ்வொரு வேளையும் அவற்றை முதலில் படியுங்கள். படித்தபின் அவையும் நான்கில் ஒன்றுதான். நகல் வரியில் மட்டும் உங்கள் பெயர் இருந்தால், அவர் உங்களுக்குத் தெரியட்டும் என்று போட்டிருக்கிறார். படித்துக் காப்பகத்துக்கு அனுப்பலாம். வேலை சொல்லியிருந்தால், எவ்வளவு சிறியதானாலும் பெரியதானாலும், அந்த வேளையிலேயே ஒரு வரிப் பதில் போக வேண்டும்: பெற்றுக்கொண்டேன், இன்னார் செய்கிறார், இன்ன நாளில் முடியும். அந்த நாளை எழுதுவதற்கு முன் காலண்டரைத் திறந்து இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், “இதை வியாழனுக்குள் முடிக்க வேண்டுமென்றால் வாடிக்கையாளர் அட்டவணை திங்களுக்குத் தள்ளிப்போகும், எது முதலில் வேண்டும்?” என்று அவரிடமே கேளுங்கள். எது முன், எது பின் என்று முடிவு சொல்வது அவருடைய வேலையின் ஒரு பகுதி. உங்கள் காலண்டர் நிரம்பியிருக்கிறது என்று சொல்லாமல் இருந்தால் அவருக்கு அது தெரிய வழியில்லை. முதல் முறை இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும்; கேளுங்கள்.